சொந்த ஊரில் விலைபோகாத செக்கு எண்ணெய்

கடலை எண்ணெய் ஆட்டும் உழவர் குழுக்களும் மகளிர் குழுக்களும் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சார், மாவட்டத் தலைநகரில் கண்காட்சி போட்டால் ஒரே நாளில் ஐம்பது பாட்டில் போய்விடுகிறது. எங்கள் ஊர்க் கடையில் வைத்தால் மாதம் ஐந்து பாட்டில்கூட நகரவில்லை. கிராமத்துக்காரர்களுக்கு நல்ல எண்ணெயின் அருமை தெரியவில்லை" என்பார்கள்.

அருமை தெரியாமல் இல்லை. அந்த எண்ணெய்க்கான கடலையை விளைவித்தவர்களே அவர்கள்தான். குறை எண்ணெயில் இல்லை, வாங்குபவரிடமும் இல்லை. நகரத்துக்குச் செய்த பாட்டிலை, நகரத்து விலையில், நகரத்து விளம்பரத்தோடு கிராமத்துக் கடையில் கொண்டுபோய் வைத்ததுதான் குறை. திருவண்ணாமலை மாவட்டத்தில் நான் அருகிலிருந்து பார்த்த ஒரு குழுவின் அனுபவத்தை வைத்து இதை விளக்குகிறேன். நீங்கள் ஆட்டுவது நல்லெண்ணெயாக இருக்கலாம், விற்பது சிறுதானிய மாவாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

பணம் வரும் நாளைப் பாருங்கள்

நகரத்தில் மாதச் சம்பளக்காரர் முதல் வாரத்தில் மளிகைச் சாமான் வாங்குகிறார். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று எண்ணெய் வாங்குவது அவருக்கு இயல்பு. கிராமத்தில் பணம் அப்படி வருவதில்லை. களை எடுக்கப் போனவருக்கு அன்றன்று கூலி. மாடு வைத்திருப்பவருக்குப் பால் பணம் வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறை. நூறு நாள் வேலைக் கூலி வங்கிக் கணக்கில் விழும்போதுதான் விழும். நிலம் வைத்திருப்பவருக்கு அறுவடையின்போது மொத்தமாக வரும். அதில் பாதி உரக்கடை பாக்கிக்கும் நகைக் கடனுக்கும் போய்விடும்.

மாலையில் கூலி வாங்கி வரும் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் நின்று, அன்றைய சமையலுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறார். கால் கிலோ வெங்காயம், பத்து ரூபாய்க்குப் பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய். அவரிடம் போய் "ஒரு லிட்டர் 300 ரூபாய்" என்றால், ஒரு நாள் கூலியின் பெரும்பகுதியை எண்ணெய்க்கே கொடுக்கச் சொல்கிறோம் என்று பொருள். அவருக்கு அந்த எண்ணெய் பிடிக்கவில்லை என்பதல்ல. அந்த மாலையில் அவ்வளவு பணம் அவர் கையில் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த விலையோடு எந்தச் செக்கு எண்ணெயும் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். கிராமத்துச் சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். அப்பளம் பொரிக்கவும் பூரி சுடவும் பாமாயில். குழம்பு தாளிக்கவும், இட்லிப் பொடிக்கு ஊற்றவும், சட்டினிக்கும் கொஞ்சம் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். இரண்டு எண்ணெயும் ஒரே அடுப்படியில் இருக்கும். உங்கள் எண்ணெய்க்கான இடம் அந்த இரண்டாவது கிண்ணம். அதற்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 முதல் 50 மில்லி. இதுதான் உங்கள் பொட்டலத்தின் அளவை முடிவு செய்யும்.

கடலூரில் பிறந்த பாடம்

இதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் அல்ல. ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரர் வீடு என்றிருந்த காலத்தில், அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். பின்னாளில் அந்தப் பாக்கெட்டை 50 காசுக்கே விற்றார்கள்.

விலை குறைவு மட்டும் அதன் வெற்றிக்குக் காரணம் இல்லை. தென்னிந்தியக் கிராமங்களில் அந்த நிறுவனத்தார் சிறுவர்களை நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு 'சிக்' பாக்கெட் இலவசம் என்றார்கள். பிறகு 'சிக்' காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். சின்ன அளவு, கைக்கு எட்டும் கடை, கண்ணால் பார்த்த நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததால் அது நடந்தது. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் செய்து பார்த்துவிட்டுக் கைவிடுகிற குழுக்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பாக்கெட் போடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

"சரி, சின்னப் பாக்கெட் போட்டுவிடலாம்" என்று உடனே இயந்திரம் வாங்கப் போக வேண்டாம். சின்னப் பாக்கெட்டில் நட்டம் வருவது எளிது. ஒரு கணக்கைப் பார்ப்போம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருப்பிச் செய்து பாருங்கள்.

நூறு கிலோ கடலைப் பருப்பு, கிலோ 110 ரூபாய் வீதம் 11,000 ரூபாய். ஆட்டுக்கூலி, மின்சாரம் 1,000 ரூபாய். மொத்தம் 12,000. செக்கில் ஏறக்குறைய 40 கிலோ எண்ணெய் கிடைக்கும். எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால் இது 44 லிட்டர் அளவுக்கு வரும். தெளிய வைத்து மண்டி கழித்தால் 43 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். புண்ணாக்கு 57 கிலோ, கிலோ 40 ரூபாய்க்குப் போனால் 2,280 ரூபாய். இதைக் கழித்தால் எண்ணெயின் அடக்கம் 9,720 ரூபாய். அதாவது லிட்டருக்கு 226 ரூபாய்.

இப்போது 50 மில்லி பாக்கெட். உள்ளே இருக்கும் எண்ணெய் 11 ரூபாய் 30 காசு. பாக்கெட் தாள், அச்சு, அடைப்புக் கூலி 1 ரூபாய். விலை 15 ரூபாய் என்று வைத்துக் கடைக்காரருக்குப் பத்து சதவீதம் கொடுத்தால் 1 ரூபாய் 50 காசு. கடைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு 60 காசு. மொத்தம் 14 ரூபாய் 40 காசு. குழுவுக்கு மிச்சம் 60 காசு. லிட்டருக்குக் கணக்கிட்டால் 12 ரூபாய்.

பத்து ரூபாய் பாக்கெட்டாகப் போட்டால் இன்னும் வேகமாக விற்குமே என்று தோன்றும். அதே லிட்டர் 300 ரூபாய் வீதத்தில் 33 மில்லி தர வேண்டும். எண்ணெய் 7 ரூபாய் 46 காசு, பாக்கெட் 1 ரூபாய், கடைக்காரருக்கு 1 ரூபாய், கொண்டுசேர்க்க 60 காசு. கூட்டினால் 10 ரூபாய் 6 காசு. விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆறு காசு நட்டம். எண்ணெயின் அளவு குறைகிறதே தவிர, பாக்கெட்டின் செலவும் கொண்டுசேர்க்கும் செலவும் குறைவதில்லை. அளவை 30 மில்லியாகக் குறைத்தால் 62 காசு மிஞ்சும். ஆனால் வாங்குபவர் லிட்டருக்கு 333 ரூபாய் கொடுக்கிறார். கிராமத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இனி 200 மில்லி பாக்கெட்டைப் பாருங்கள். விலை 60 ரூபாய். எண்ணெய் 45 ரூபாய் 20 காசு, பாக்கெட் 2 ரூபாய், கடைக்காரருக்கு 6 ரூபாய், கொண்டுசேர்க்க 2 ரூபாய் 40 காசு. மொத்தம் 55 ரூபாய் 60 காசு. மிச்சம் 4 ரூபாய் 40 காசு. லிட்டருக்கு 22 ரூபாய். லிட்டர் விலை ஒன்றேதான், மிச்சம் மட்டும் 50 மில்லியைவிட ஏறக்குறைய இரட்டிப்பு.

இதிலிருந்து நான் குழுவுக்குச் சொன்னது இதுதான். 50 மில்லி பாக்கெட் உங்களுக்கு வாசல். அதில் பெரிய லாபம் பார்க்காதீர்கள், நட்டமும் படாதீர்கள். அதை வாங்கிப் பழகியவர் பால் பணம் வந்த நாளில் 200 மில்லிக்கு வருவார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு லிட்டர் வாங்குவார். மூன்று அளவையும் ஒரே லிட்டர் விலையில் வைத்திருங்கள். சின்னதாக வாங்குகிறவர் ஏமாற்றப்படவில்லை என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குக் கீழே உள்ள சிறு குழுவுக்கானது. பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் சமையல் எண்ணெய்க்கான 5 சதவீத வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது 50 மில்லியில் மிச்சமாகும் 60 காசு காணாமல் போகும். அதே போல, கடலை அறுவடை நேரத்தில் பருப்பு மலிவாக இருக்கும்போது வாங்கி இருப்பு வைக்கிற குழுவுக்கும், மாதாமாதம் மண்டியில் வாங்குகிற குழுவுக்கும் அடக்க விலை ஒன்றாக இருக்காது.

பாக்கெட்டே வேண்டாம், கடையில் டின்னோடு வைத்து அளந்து ஊற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். சமையல் எண்ணெயை உதிரியாக அளந்து விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் பொதுவாகத் தடை இருக்கிறது. பாக்கெட்டின் மேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண், நிகர அளவு, அதிகபட்ச விலை, அடைத்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். 50 மில்லி பாக்கெட்டுக்கும் இதில் விலக்கு கிடையாது.

வண்டிச் செலவுதான் விழுங்கும்

மேலே கொண்டுசேர்க்கும் செலவு 60 காசு என்று எழுதினேன். இந்த 60 காசு எப்படி வந்தது என்பதில்தான் முழு வியாபாரமும் இருக்கிறது.

ஒரு சரக்கு ஆட்டோ ஒரு நாள் சுற்றிவர எரிபொருளும் ஓட்டுநர் கூலியும் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கு 60 காசு ஆக வேண்டுமானால் அந்த ஒரு நடையில் 1,000 பாக்கெட் இறக்க வேண்டும். ஒரு சிறு கடையில் நாளைக்கு நான்கைந்து பாக்கெட் விற்றால் வாரத்துக்கு 30. அப்படியானால் ஒரு நடையில் 33 கடை. எட்டுப் பத்து ஊர் சுற்ற வேண்டும். நகரத்தில் ஒரு தெருவிலேயே முடிந்துவிடும் வேலைக்கு இங்கே ஒரு நாள் ஆகிறது. கிராமத்துச் சந்தைக்கும் நகரத்துச் சந்தைக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான். வாங்குபவர் எண்ணிக்கை குறைவில்லை. ஆனால் சிதறிக் கிடக்கிறார்கள்.

எங்கள் குழு முதல் மாதத்தில் பத்துக் கடைக்குத்தான் போனது. 300 பாக்கெட்டுக்கு 600 ரூபாய் வண்டிச் செலவு. பாக்கெட்டுக்கு 2 ரூபாய். 60 காசு மிச்சம் வர வேண்டிய இடத்தில் 80 காசு நட்டம். விற்க விற்க நட்டம் கூடியது. எண்ணெய் நன்றாக விற்கிறதே, கையில் மட்டும் ஏன் காசு இல்லை என்று அவர்கள் ஒரு மாதம் குழம்பினார்கள்.

இதற்குத் தனி வண்டி ஓட்டாமல் இருப்பதே முதல் வழி. ஊருக்குள் தினமும் ஏதோ ஒரு வண்டி வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. பால் எடுக்கும் வண்டி வருகிறது. முட்டை, ரொட்டி போடுபவர் இருசக்கர வாகனத்தில் வருகிறார். அவர்களிடம் பாக்கெட்டுக்கு இத்தனை காசு என்று பேசிவிட்டால், விற்றால் மட்டுமே செலவு.

இரண்டாவது வழி, வாரச் சந்தை. சுற்று வட்டாரக் கடைக்காரர்கள் சந்தைக்கோ, அருகிலுள்ள சிறு நகரத்து மொத்தக் கடைக்கோ வாரம் ஒருமுறை தாங்களே சரக்கு எடுக்க வருகிறார்கள். அந்த மொத்தக் கடையில் உங்கள் எண்ணெய் இருந்தால், ஊருக்குக் கொண்டுபோகும் செலவு அவர்களுடையது. மொத்தக் கடைக்காரருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும். நான் போட்ட கணக்கில் கொண்டுசேர்க்க வைத்த 60 காசு என்பது 15 ரூபாயில் 4 சதவீதம். அந்த 4 சதவீதத்தை வண்டிக்குக் கொடுப்பதற்குப் பதில் அவருக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது வழி, கடையே இல்லாத குக்கிராமங்களுக்கு. அங்கே மகளிர் குழுவில் உள்ள ஒருவர் வீட்டிலேயே வைத்து விற்கலாம். இந்துஸ்தான் லீவர் போன்ற பெரிய நிறுவனமே 2000-களின் தொடக்கத்தில், அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தில் 'சக்தி' என்ற பெயரில் இந்த முறையைத்தான் தொடங்கியது. தங்கள் வண்டி கட்டுபடியாகாத ஊர்களுக்குச் சுய உதவிக் குழுப் பெண்கள் வழியாகச் சரக்கு கொண்டுபோனார்கள். ஊர்க்காரர் வீட்டுப் பெண் விற்கிறார் என்றால் வாங்குபவருக்குக் கேட்கவும் கடிந்துகொள்ளவும் ஆள் இருக்கிறது.

கடைக்காரரின் கணக்கு நோட்டு

கிராமத்துக் கடைக்காரர் வெறும் வியாபாரி இல்லை. ஊரின் சிறு வங்கியும் அவர்தான். அவருடைய நோட்டில் பாதி ஊரின் பாக்கி இருக்கும். அவருக்கே பணம் பிறகுதான் வரும் என்பதால், "பணத்தைக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுங்கள்" என்றால் உங்கள் எண்ணெய்க்கு இடம் கிடைக்காது. அதற்காக அவர் கேட்கிற அளவுக்கெல்லாம் கடன் கொடுத்தால் உங்கள் முதல் அங்கே முடங்கும்.

ஒரு கடைக்கு 30 பாக்கெட், 13 ரூபாய் 50 காசு வீதம் 405 ரூபாய். 33 கடைக்கு 13,365 ரூபாய். ஒரு வாரச் சரக்குக்கே இவ்வளவு பணம் வெளியே நிற்கும். இரண்டு வாரம் நின்றால் இரட்டிப்பு. அதனால் குழு ஒரு விதி வைத்துக்கொண்டது. இந்த வாரம் வைத்த சரக்குக்கு அடுத்த வாரம் பணம். பணம் வந்தால்தான் புதுச் சரக்கு. ஒரு வார இருப்புக்கு மேல் எந்தக் கடையிலும் வைப்பதில்லை. உறவுக்காரர் கடையாக இருந்தாலும் இதுதான் விதி. உறவுக்காரர் கடையில்தான் இந்த விதி முதலில் உடையும், கவனமாக இருங்கள்.

படம்தான் பெயர், வாசனைதான் விளம்பரம்

குழுவின் முதல் பாட்டிலில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. உடல்நலம் பற்றி நான்கு வரி இருந்தது. "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்றும் போட்டிருந்தார்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதைப் பெருமையாகப் போடுவது வாங்குபவரைத் திசை திருப்புவது, விதிகளிலும் சிக்கல் தரும்.

கிராமத்துக் கடையில் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட அடையாளம் சொல்லிக் கேட்பவர்களே அதிகம். குழந்தையைக் கடைக்கு அனுப்பும் பாட்டி "பச்சைக் கலர் சோப்பு", "யானை படம் போட்ட தீப்பெட்டி" என்றுதான் சொல்லி அனுப்புவார். எனவே பாக்கெட்டுக்கு ஒரே நிறம், ஒரே படம். பெரிய பாக்கெட்டிலும் சின்ன பாக்கெட்டிலும் அதே படம். ஒருமுறை வைத்த படத்தை மாற்றக் கூடாது. சொல்லும் அந்த ஊர்ச் சொல்லாக இருக்கட்டும். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். அங்கே "மல்லாட்டை எண்ணெய்" என்று போட்டால் படிக்கும்போதே அது நம்மூர்ப் பொருள் என்று தெரியும். அதே பாக்கெட்டை மதுரைக்கு அனுப்பினால் "கடலை எண்ணெய்" என்று போட வேண்டும்.

ஊருக்குள் சுவரொட்டியும் துண்டறிக்கையும் ஒட்டியதில் பலன் ஒன்றும் தெரியவில்லை. பலன் தந்தது ஒரு சட்டி. சந்தை நாளில் ஒரு அடுப்பை மூட்டி, அந்த எண்ணெயில் பணியாரம் சுட்டுக் கொடுத்தார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் வாசனை பிடித்து நின்றார்கள். ஆளுக்கு ஒன்று சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அங்கேயே 50 மில்லி பாக்கெட் விற்றார்கள், சும்மா கொடுக்கவில்லை. "உங்கள் ஊரில் இன்னார் கடையில் கிடைக்கும்" என்று கடையின் பெயரையும் சொல்லி அனுப்பினார்கள். கடையில் சரக்கு வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பணியாரம் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடையில் கேட்டு, "இல்லை" என்ற பதில் வந்தால் அவர் இரண்டாம் முறை கேட்க மாட்டார்.

ஒரு குறை ஊர் முழுதும் பரவும்

நல்ல பேச்சு மெதுவாகப் பரவும். கெட்ட பேச்சு ஒரே நாளில் குழாயடிக்கு வந்துவிடும். இரண்டாம் மாதம் ஒரு ஊரில் "அந்த எண்ணெய் சட்டியில் பொங்குகிறது, கலப்படம்" என்ற பேச்சு கிளம்பியது. கலப்படம் ஒன்றும் இல்லை. தீபாவளி அவசரத்தில் எண்ணெயைத் தெளிய விடாமல் அடைத்துவிட்டார்கள். மண்டியும் ஈரமும் கலந்த எண்ணெய் காயும்போது நுரைத்துப் பொங்கும். ஆட்டிய எண்ணெயை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் சில நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து அடைக்க வேண்டும். அடைப்பதற்கு முன் ஒரு கரண்டி எண்ணெயைக் காய வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்த குறை கடை வாசலில் வந்தது. கடைக்காரர்கள் பாக்கெட் சரத்தை ஷாம்புச் சரத்தோடு சேர்த்து முன்பக்கம் வெயிலில் தொங்கவிட்டார்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கும். தெளிவான தாளில் அடைத்த பாக்கெட்டுக்கு இது கூடுதல் கேடு. குழு பிறகு ஒளி புகாத தாளுக்கு மாறியது. சரத்தை உள்பக்கம் தொங்கவிடும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டது. பழைய தேதிப் பாக்கெட்டை ஒவ்வொரு வாரமும் எடுத்துப் பார்த்து, முன்பக்கம் வைத்து முதலில் விற்கச் செய்தது. காறல் அடித்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தத் திரும்ப எடுக்கும் வழக்கம்தான் கடைக்காரரின் நம்பிக்கையைக் கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் அடிப்படை களத்தில் இருக்கிறது. காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் வரும்வரை, ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் வரும்வரை காய வைக்க வேண்டும். சுருங்கிய, உடைந்த, கறுத்த, பூஞ்சாணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு பெரும்பாலும் அந்தப் பருப்பில்தான் இருக்கும். கழித்த பருப்பு கொஞ்சம்தானே என்று செக்கில் சேர்த்தால், எண்ணெய்க்கும் கேடு, புண்ணாக்கு தின்னும் மாட்டுக்கும் கேடு.

யார் உங்கள் வாடிக்கையாளர் இல்லை?

கடைசியாக ஒன்று. கடலை விளைவிக்கும் ஊரில் சொந்தமாகக் கடலை வைத்திருக்கும் குடும்பங்கள் உங்களிடம் பாக்கெட் வாங்கப்போவதில்லை. அவர்களிடம் எண்ணெய் விற்க முயல்வது வீண். அவர்களுக்கு வேண்டியது செக்கு. அவர்கள் கொண்டுவரும் பருப்பை அவர்கள் கண்முன் ஆட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குங்கள். கூலிக்குப் பணம் இல்லாதவரிடம் புண்ணாக்கை எடுத்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்த ஓரிரு மாதம் இந்த வேலை அதிகமாகவும், பாக்கெட் விற்பனை குறைவாகவும் இருக்கும். பாக்கெட் விற்கவில்லையே என்று அப்போது பயப்பட வேண்டாம். வீட்டுக் கடலை தீர்ந்ததும் அவர்களில் பலர் கடைக்கு வருவார்கள். கிராமத்தில் வாங்குபவரே விளைவிப்பவராகவும் இருக்கிறார். நகரத்துச் சந்தைக் கணக்கில் இல்லாத இந்த ஒன்றை மறந்தால் எல்லாக் கணக்கும் தவறும்.

வியாபாரம் சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் முறை கடை நிறைய வைத்ததை விற்பனை என்று எண்ணாதீர்கள். அது கடைக்காரரின் மரியாதை. ஒவ்வொரு கடைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, வைத்தது, மீந்தது, திரும்ப வந்தது என்று வாராவாரம் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்துப் பத்துக் கடையில் ஆறேழு கடைக்காரராவது தாமாகவே "அடுத்த சரம் கொண்டுவாருங்கள்" என்று கேட்டால் பாதை சரி. கேட்கவில்லையென்றால் இன்னும் பத்து ஊருக்குப் போகாதீர்கள். கேட்காத கடையின் வாசலில் ஒரு மாலை வேளை நில்லுங்கள். கூலி வாங்கி வரும் பெண் அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால், ஏன் என்று அவரிடமே கேளுங்கள். விலையா, அளவா, வாசனையா என்பதை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்.